யார் செஞ்சா மேடம்

கல்லூரியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, வருகைப் பதிவேட்டில். பசங்க வைத்த பெயர் வேறு: ‘யார் செஞ்சா மேடம்’. ஒவ்வொரு குரூப் ப்ராஜெக்ட் முடிவிலும் நாலு பேர் திரைக்கு முன்னால் வரிசையாக நின்று பிபிடி காட்டி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்பாள். “சரிப்பா, இத யார் செஞ்சா?” நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் தேவாரம் பாடுவதுபோல ஒரே குரலில் சொல்வார்கள்: “எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம் மேடம்.”

அவளுக்கு அந்த வாக்கியம் பிடிக்காது. கேட்டாலே முகம் சுருங்கும். “சேர்ந்து செஞ்சா சேர்ந்து கண்ணு முழிச்சிருக்கணும்ல? ஏன் ஒருத்தி கண்ணுல மட்டும் தூக்கம் தெரியுது?” என்று ஆசிரியர் அறைக்கு வந்து என்னிடம் பொரிவாள்.

நான் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். என் மேசை அவள் மேசைக்குப் பக்கத்து மேசை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளுக்கு மனசாட்சி கொஞ்சம் நீளம். அதனாலேயோ என்னவோ ஒத்துப்போனது. அவள் நிரந்தர வேலையில் இல்லை. ஒவ்வொரு பருவமும் முடிந்தால் வீட்டுக்குப் போய், அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவளுடைய மகள் பள்ளியில் ஏதோ விண்ணப்பத்தை நிரப்பும்போது, “அம்மா, இந்த வருஷமும் நீ டீச்சர்தானே?” என்று கேட்டாளாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் துறையில் ஒரு நிரந்தர இடம் வருகிறது என்று தெரிந்தது. போட்டிக்கு இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று புது சார். வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நல்ல சட்டை, நல்ல பேச்சு, யாரைப் பார்த்தாலும் வணக்கம். அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பருவம்தான் அவள், குரூப்புக்கு மொத்தமாக ஒரே மதிப்பெண் போடுவதில்லை என்று முடிவெடுத்தாள். பாதி குரூப்புக்கு, பாதி ஆளுக்கு. ஆளுக்கு எப்படிப் போடுவது? முதலில் அவள் செய்தது சுத்த அபத்தம், அதை நானே சொன்னேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் அதைச் செய்தவர் பெயரைப் போடச் சொன்னாள். கூடவே, ஆன்லைனில் அந்த பிபிடியை யார் யார் திருத்தினார்கள் என்ற எடிட் ஹிஸ்டரியையும் பார்ப்பதாக அறிவித்தாள்.

அவ்வளவுதான். ஸ்லைடுக்குச் சண்டை ஆரம்பித்தது. தலைப்பு ஸ்லைடையும் ‘நன்றி’ ஸ்லைடையும் செய்தவன், “என்னுது ரெண்டு ஸ்லைடு மேடம்” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றான். ஒரு குரூப்பில் ஒரே ஸ்லைடை மூன்றாக உடைத்து ஆளுக்கொன்றாகப் பங்குபோட்டிருந்தார்கள், சொத்துத் தகராறு மாதிரி. இன்னொரு குரூப்பில் எடிட் ஹிஸ்டரி முழுக்க ஒரே பையன் பெயர்தான் இருந்தது. அவன்தான் முழுதும் செய்தான் என்று அவனுக்கு அள்ளிக் கொடுத்தாள். மீதி மூன்று பேருக்குக் கிள்ளிக் கொடுத்தாள்.

அந்த மூன்று பேரில் ஒரு பெண்ணை எல்லோரும் ‘டோக்கன்’ என்று கூப்பிடுவார்கள். அவர்களுடைய ப்ராஜெக்ட், ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் மக்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது. அந்தப் பெண் நாள்கணக்கில் அந்த அறையில் உட்கார்ந்து, டோக்கன் வாங்கிய நேரமும் உள்ளே கூப்பிட்ட நேரமும் குறித்துக்கொண்டு வந்தவள். அதனால் வந்த பெயர். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு மட்டும் நேராக ஆசிரியர் அறைக்குள் வந்து நின்றாள்.

“மேடம், எனக்கு லேப்டாப் இல்ல. நான் எழுதிக் குடுத்தேன், அவன் டைப் பண்ணான். அதுல என் பேரு எப்படி வரும்?”

“ஸ்லைடுல பேர் போடச் சொன்னேனே, ஏன் போடல?”

“ஸ்லைடு நான் செய்யலையே மேடம். பொய் எப்படிச் சொல்றது?” அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “ஆனா நான் இல்லேன்னா அந்த பிபிடில ஒரு எண்ணுகூட இருந்திருக்காது.”

எங்கள் மேடம் ஒரு தாளை எடுத்து அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டாள். “உக்காரு” என்றாள். என்னிடம் திரும்பி, “அந்த பிபிடிய ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுக்கறியா? ஒரு தாள்ல ஒரு ஸ்லைடு” என்றாள்.

மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு, தாள்களை நீள மேசையில் பரப்பினாள். ஒவ்வொரு ஸ்லைடாகக் கையை வைத்துப் பின்னோக்கிப் போனாள்.

“இந்த கிராஃப் யாரு?”

“நான்தான் மேடம்” என்றான் லேப்டாப் பையன்.

“நல்லாருக்கு. இந்த எண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?”

அவன் டோக்கனைப் பார்த்தான். அவள் பையைத் திறந்து கசங்கிய துண்டுச் சீட்டுகளை ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் வைத்தாள்.

“காலைல வர்றவங்களையும் மதியம் வர்றவங்களையும் தனித்தனியா பிரிக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?”

மூன்றாவதாக நின்ற பையன் தயங்கிக் கையைத் தூக்கினான். அவன் பெயர் எந்த ஸ்லைடிலும் இல்லை. நாலாவது பெண்ணைக் கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள். அவள் எதையும் செய்யவில்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துபோனது. அவளே, “நான் ஒண்ணும் பண்ணல மேடம்” என்றாள். அதற்கும் அவளை மேடம் திட்டவில்லை. “அத ஒத்துக்கிட்டியே, அது போதும். அடுத்த வேலைல காட்டு” என்றாள்.

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் பங்களிப்புத் தாள். ஆளுக்கு ஒரு பக்கம். முதல் பகுதி: நான் இல்லாவிட்டால் இந்த பிபிடியில் எது இருந்திருக்காது? இரண்டாவது: அதற்கு என்னிடம் என்ன ஆதாரம்? துண்டுச் சீட்டோ, பழைய வரைவோ, போனில் அனுப்பிய செய்தியோ, எதுவானாலும். மூன்றாவது: மற்றவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன? நாலாவது: மற்ற மூவரும் இதைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மறுத்து, ஏன் என்று எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு சின்ன வைவா. சொந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி, மற்றவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி.

மூன்றாவது பகுதிமேல் அவளுக்குத் தனிப் பிரியம். “மத்தவங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கோம்னு எழுதத் தெரியாதவன், தன்னுதையும் சரியா எழுத மாட்டான்” என்பாள்.

மதிப்பெண் இன்னும் அலுவலகத்துக்குப் போயிருக்கவில்லை. எல்லா குரூப்புக்கும் முதலிலிருந்து மறுபடி போட்டாள். டோக்கனுக்கு நியாயமாக வர வேண்டியது வந்தது. லேப்டாப் பையனுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவன்கூட முறைத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

விஷயம் முதல்வர் காதுக்குப் போனது. கல்லூரி முழுக்க இதைக் கொண்டுவரலாம், ஆட்சிக்குழுவிடம் துறை சார்பில் ஒரு பிபிடி காட்டுங்கள் என்றார். நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கும்போது இந்த வேலையும் கணக்கில் வரும் என்றும் சொன்னார். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தாள். டீக்கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்க மறந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

துறை சார்பில் என்றால் தனியாக விடுவார்களா? ஒரு குழு போட்டார்கள். துறைத்தலைவர், சீனியர் சார், புது சார், அவள். நாலு பேர். பசங்க குரூப்பும் நாலு பேர்தான். துறைத்தலைவர் முதல் கூட்டத்தில், “நல்லா பண்ணுங்கம்மா” என்றார். சீனியர் சார் முடிந்த பிபிடியைப் பார்த்து ஒரு காற்புள்ளியை மாற்றினார். புது சார் நல்ல நிறத்தில் ஒரு டெம்ப்ளேட் கொடுத்தான், அவன் வகுப்பில் ஒருமுறை தாளைக் கொடுத்தும் பார்த்தான். மிச்சம் மொத்தமும் இவள். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தவள். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

பிபிடியின் முதல் ஸ்லைடில் நாலு பெயரும் வந்தது. ஆட்சிக்குழுவிலிருந்து பதில் வந்தது: மிக நன்று. மதிப்பிட வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். உங்கள் முறைப்படியே நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பங்களிப்புத் தாள் இணைத்து அனுப்பவும்.

நான் கைதட்டிச் சிரித்தேன். “மாட்டினாங்கடி! எழுதட்டும் இப்போ, காற்புள்ளி போட்டேன்னு!”

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைதான் தாங்கியது. துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். போய்விட்டு வந்தவள் மூன்று வெற்றுத் தாளோடு வந்தாள்.

“என்னடி இது?”

“அவங்க தாளையும் நானே எழுதணுமாம். ‘உனக்குத்தாம்மா இது நல்லா வரும், எங்களுக்கு என்ன தெரியும்’ங்கறார்.”

“பசங்க இப்படிப் பண்ணா நீ என்ன பண்ணுவ? ஒருத்தன் நாலு பேர் தாளையும் எழுதினா கிழிச்சுப் போட மாட்டியா?”

“கிழிப்பேன்” என்றாள். “ஆனா நிரந்தர இடத்துக்கு சிபாரிசு எழுதப்போறது அவர்தானே?”

எழுதித் தொலைக்கிறாள் சரி, ஒப்புக்கு எழுத வேண்டியதுதானே? அங்கேதான் அவள் புத்தி. பசங்களிடம் உட்காருவதுபோல ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்தாள். துறைத்தலைவரிடம், “சார், நீங்க இல்லேன்னா இதுல எது இருந்திருக்காது?” என்று கேட்டாள். அவர் யோசித்து யோசித்து, ஆரம்பத்தில் வகுப்பு நேரத்தில் இதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததைச் சொன்னார். அது உண்மைதான். எழுதினாள். சீனியர் சாரிடம் கேட்டாள். பழைய மதிப்பெண் விதிகளோடு இது மோதுமா என்று பார்க்க ஒருமுறை சொன்னாராம். எழுதினாள்.

புது சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். “அக்கா, சத்தியமா எனக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. கலர் போட்டேன்னு எழுத முடியுமா?”

“நீ கிளாஸ்ல குடுத்துப் பாத்தல்ல, அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“ஒரு பையன் மறுக்கறேன்னு எழுதிட்டான், அடிதடி ஆயிடுச்சு. அப்புறம் ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வெச்சுப் பேசினேன்.”

“அதான்ப்பா! மறுப்பு வந்தா எப்படித் தீக்கறதுன்னு நீதான் முதல்ல பண்ணியிருக்க. அத எழுது. ஆதாரம் என்ன? அந்தப் பையனோட தாள் வெச்சிருக்கியா?”

அவன் முகம் மலர்ந்தது. தான் அவ்வளவு செய்திருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வைவாவில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மூன்றாவது பகுதி. “என்கிட்டேர்ந்து என்ன எடுத்துக்கிட்டன்னு எழுதணும்” என்றாள். “எல்லாமே உங்ககிட்டேர்ந்துதான்க்கா” என்று சிரித்தான். எழுதப் போனபோது துறைத்தலைவர் கதவருகே நின்று, “அந்தப் பகுதி பசங்களுக்கும்மா. நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்? விட்டுடு” என்றார். மூன்று தாளிலும் அது போனது.

அவளுடைய தாளில் மட்டும் போகவில்லை.

நான் அவள் கையைப் பிடித்தேன். “அவங்க எழுதலல்ல, நீயும் விடு.”

“பசங்ககிட்ட கேட்டத நானே எழுதாம விட்டா எப்படி? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?”

எழுதினாள். முதல் பகுதியில் ‘எல்லாவற்றையும் தொகுத்தது’ என்று ஒரே வரி, மூன்றாவதில்தான் நீளப் பட்டியல்: மூலக் கேள்வி ஒரு மாணவியின் வார்த்தை. வடிவம் புது சாரின் டெம்ப்ளேட். விதிகள் பற்றிய எச்சரிக்கை சீனியர் சார். ஸ்லைடுகளைத் தாளாகப் பரப்பிப் பார்க்க உதவியவர் லேப் பொறுப்பாளர்.

“அடிப்பாவி, பட்டன அமுக்கி பிரிண்ட் எடுத்தது ஒரு பங்களிப்பாடி!” என்று கத்தினேன். “நீ எடுத்துக் குடுக்கலேன்னா நான் மேசைல எதப் பரப்பியிருப்பேன்?” என்றாள்.

நாலாவது பகுதியில் மற்ற மூவர் தாளுக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டாள். “இதுல பொய் ஒண்ணும் இல்லையே” என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “உண்மைதான்டி எழுதியிருக்க. முழுசா எழுதலையே!”

வெளி மதிப்பீட்டாளர் வந்த நாளில் கூட்டம் என் லேபில் நடந்தது, ப்ரொஜெக்டர் அங்கேதான் ஒழுங்காக வேலை செய்யும். ஒயரைப் பிடித்துக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். புது சார் முதலில் வந்தான். மறுப்புகளை எப்படித் தீர்ப்பது என்று அழகாகப் பேசினான். அவள் சொல்லிக் கொடுத்த வார்த்தை, அவள் சொல்லிக் கொடுத்த வரிசை. மதிப்பீட்டாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்னால் இருந்தது நாலு தாள், அதை வைத்துத்தானே அவர் பேச முடியும்?

அப்புறம் அவள்.

“இந்த முதல் கேள்விதாம்மா இந்த முறைக்கே உயிர். இது உங்க யோசனைன்னு நெனச்சேன். மாணவி சொன்னதுன்னு எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார். அவ சொன்னதுதான்.”

“வடிவம் இவருது. மறுப்பு வந்தா தீக்கற வழியும் இவருது. விதிகள் அவர் பாத்தது. அப்போ நீங்க இல்லேன்னா இதுல எது இருந்திருக்காது?”

அவளுடைய சொந்தக் கேள்வி. ‘எல்லாமே’ என்று சொல்லுடி, வாயைத் திற என்று மனசுக்குள் கத்தினேன்.

“அந்தப் பொண்ணு சொன்னது யார் காதுலயாவது விழுந்திருக்கணும் சார். என் காதுல விழுந்துச்சு.”

மதிப்பீட்டாளர் மரியாதையாகச் சிரித்தார். ஏதோ எழுதிக்கொண்டார். துறைத்தலைவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காற்புள்ளிக்காரர் சொல்லியிருந்தாலும் போதும். யாரும் சொல்லவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டிருப்பவளை யாரும் கேட்கவில்லை, கேட்காமலே எழுந்தேன். “சார், இது மொத்தமும்...” என்று ஆரம்பிப்பதற்குள் துறைத்தலைவர், “ப்ரொஜெக்டர அணைச்சுடலாம்மா, முடிஞ்சது” என்றார்.

இடம் புது சாருக்குப் போனது. அவளைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருந்ததாம்: சிறந்த தொகுப்பாளர். அவன் இனிப்போடு எங்கள் மேசைக்கு வந்து, “எல்லாம் உங்களாலதான்க்கா” என்று மனசாரச் சொன்னான். அது உண்மை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதை எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. நான் இனிப்பைத் தொடவில்லை. அவள் எடுத்துச் சாப்பிட்டாள். மகளுக்கென்று ஒன்றைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டாள்.

விடுமுறையில் அவளுக்கு வழக்கம்போல் வேலை இல்லை. அடுத்த பருவம் தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் பங்களிப்புத் தாள் கல்லூரி முழுக்க அச்சாகி வந்துவிட்டது. வழவழப்பான தாள், புது சாரின் நல்ல நிறம். மூன்றாவது பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். பசங்க அதில்தான் நேரம் வீணடிக்கிறார்களாம். கீழே சின்ன எழுத்தில், உருவாக்கம் என்று போட்டு மூன்று பெயர்கள் இருந்தன. முதலில் துறைத்தலைவர், அடுத்து சீனியர் சார், அப்புறம் விரிவுரையாளர் என்ற பட்டத்தோடு புது சார். பருவத் தொடக்கத்தில் பணியில் இருந்தவர்கள் பெயரை மட்டும்தான் போட்டார்களாம். விதியாம்.

டோக்கன் இப்போது கடைசி வருடம். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். மேலே படித்தாள், கீழே படித்தாள், திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

“மேடம், இத யார் செஞ்சா?”

நான் நிமிர்ந்தேன். இப்போதாவது சொல்வாள் என்று நினைத்தேன். இவளிடம்கூடச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்? அவள் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம்மா” என்றாள்.